மஞ்சள் கறையோடு வந்த புது மிக்ஸி: ஒரு பாத்திரக் கடையின் திரும்பு சரக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் எவர்சில்வர் பாத்திரம், குக்கர், மிக்ஸி, மேசைக் கிரைண்டர், குத்துவிளக்கு ஆகியவற்றை விற்கும் கடை ஒன்றில் சரக்குக் கணக்கைச் சீர்செய்யும் வேலையில் நான் இருந்தபோது நடந்தது இது. 2024ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அது கழிந்து இரண்டு வாரத்தில், நவம்பர் 15ஆம் தேதி, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் நான்கு நாளுக்கு முன் வாங்கிய 750 வாட் மிக்ஸியைப் பெட்டியோடு கொண்டுவந்து கல்லாமேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. சின்ன ஜாரைக் கவிழ்த்து, பிளேடுக்கு அடியில் இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினார்.

“இது புதுசா தம்பி? இங்க பாருங்க, மஞ்சள் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. யாரோ அரைச்ச மிக்ஸிய எனக்கு வித்திருக்கீங்க.”

வளையத்துக்கு அடியில் மஞ்சளும் தேங்காய்ப்பூவும் காய்ந்து கெட்டியாகப் படிந்திருந்தன. அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றே முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. ஒருவர் பயன்படுத்திய பொருள் எந்த வழியாகப் புதுச் சரக்கு அடுக்குக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தேடிப் பார்த்தபோதுதான், அந்தக் கடையில் திரும்பி வரும் பொருளுக்கென்று ஒரு வழியே இல்லை என்பது தெரிந்தது.

பெட்டி போன பாதை

மிக்ஸியின் அடித்தட்டில் உள்ள வரிசை எண்ணை வைத்துப் பழைய உத்தரவாத அட்டைகளின் அடிக்கட்டைகளைப் புரட்டினோம். அதே எண், அக்டோபர் 24 அன்று வேறொரு வாடிக்கையாளருக்கு விற்கப்பட்டிருந்தது. அவர் நவம்பர் 2ஆம் தேதி “ஓடவில்லை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து, வேறொரு மிக்ஸியை மாற்றி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்: “ரிட்டர்ன்னு அடிச்ச உடனே சிஸ்டம் ஸ்டாக்குல ஒண்ணு ஏத்திடுச்சு அண்ணே. பெட்டியும் நல்லா இருந்துச்சு, தம்பிகிட்ட கொடுத்து மேல வைக்கச் சொல்லிட்டேன்.”

அவர் செய்ததில் தவறு காண்பது எளிது. ஆனால் அவர் கணினி சொன்னதைத்தான் செய்தார். பணம் திருப்பும் பதிவை அடித்ததும் பொருள் தானாகவே விற்பனைக்குரிய இருப்பில், அதாவது `SALE` என்ற இடக்குறியீட்டில், ஒன்று கூடுமாறு விற்பனை மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது. பல சிறு கடைகளில் மென்பொருளை நிறுவிக் கொடுப்பவர் விட்டுவிட்டுப் போகும் அமைப்பு இதுதான். இருப்பில் ஒன்று கூடியிருக்கும்போது அடுக்கில் ஒன்று குறைந்தால் மாத முடிவில் கணக்கு உதைக்கும் என்பதால், கடைப்பையன் பெட்டியை அடுக்கில் வைத்தான். கணக்கும் சரியாக இருந்தது. ஒன்பது நாளில் அது விற்றும் போனது.

இங்கே இரண்டு முடிவுகள் ஒன்றாகிவிட்டன. வாடிக்கையாளருக்குப் பணமோ மாற்றோ கொடுப்பதா என்பது ஒரு முடிவு. அதை அவர் முன்னாலேயே, சில நிமிடங்களில் எடுத்தாக வேண்டும். திரும்பி வந்த பொருளை என்ன செய்வது என்பது வேறு முடிவு; அதை வரிசையில் ஆறு பேர் நிற்கும் கல்லாமேசையில், பழுது பார்க்கத் தெரியாத ஒருவர் எடுக்கக் கூடாது. முதல் முடிவை எடுத்த விரலே இரண்டாவது முடிவையும் எடுத்துவிட்டதுதான் இந்த மிக்ஸியின் கதை.

இன்னொன்றும் வேடிக்கையாக அமைந்தது. அந்த மிக்ஸியில் பழுதே இல்லை. இந்திய மிக்ஸிகளின் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். கெட்டியான சட்னியையோ ஊறிய உளுந்தையோ தண்ணீர் குறைவாக விட்டுத் தொடர்ந்து அரைக்கும்போது மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். சுருள் கருகாமல் இருக்க அந்தப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். சில நிமிடம் ஆறவிட்டு அதை உள்ளே அழுத்தினால் மிக்ஸி மறுபடி ஓடும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். முதல் வாடிக்கையாளருக்கு அந்தப் பொத்தானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நவம்பர் 2ஆம் தேதி யாராவது மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அது கடையில் தங்கியே இருக்காது.

மாடிப்படிக்கு அடியில் இருபத்து மூன்று

அந்த ஒரு மிக்ஸியோடு விட்டுவிடவில்லை. அந்த வட்டாரத்துக் கடைவீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் இருக்கும். கடை முகப்பு நடையான அஞ்சடியில் அண்டா குண்டான், முன்னறையில் விற்பனை, செங்குத்தான மரப்படியேறினால் மேல்மாடியில் கிடங்கு. திரும்பி வந்த பொருளை மேலே சுமந்துபோக யாருக்கும் மனம் வராததால், அது கைக்கு எட்டிய இடத்தில் தங்கிவிடும். படிக்கு அடியிலும், கல்லாவின் பின்னாலும், மேல்மாடி அடுக்குகளிலும் தேடி எடுத்ததில் மொத்தம் 23 பொருள்கள் கிடைத்தன: ஏழு மிக்ஸி, இரண்டு மேசைக் கிரைண்டர், இரண்டு குக்கர், ஐந்து அண்டா, மூன்று பித்தளை விளக்கு, நான்கு டிபன் கேரியர். இவற்றில் பாதிக்கு மேல் எப்போது வந்தன, ஏன் வந்தன என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஒவ்வொன்றாகச் சோதித்தோம். டிபன் கேரியர்கள் அளவு பிடிக்காமல் வந்தவை, பிரிக்கப்படாதவை. விளக்குகள் கடற்காற்றில் கறுத்திருந்தன. அது சேதம் அன்று, புளியும் துணியும் போதும். மிக்ஸிகள்தான் நேரம் எடுத்தன. முதலில் வரிசை எண்ணைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டோம். பிறகு மின்சாரம் கொடுக்காமலே மோட்டாரின் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்துப் பார்த்தோம். கருகிய சுருளின் வாடையை ஒருமுறை அறிந்தவர் மறக்க மாட்டார். அடுத்து ஜார் உட்காரும் இணைப்புப் பல், ரப்பர் வளையத்தின் அடிப்பகுதி, சிவப்புப் பொத்தான், கடைசியாகப் பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ். நம் ஊர் மூன்று கால் பிளக்கில் ஃபியூஸ் உண்டு என்பதை விற்பவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். இவை முடிந்த பின்னரே ஜாரில் பாதித் தண்ணீர் விட்டு ஒவ்வொரு வேகத்திலும் ஓட்டினோம்.

ஏழில் மூன்றுக்குச் சிவப்புப் பொத்தான்தான் காரணம்; மஞ்சள் கறை மிக்ஸியும் இதில் அடக்கம். ஒன்றில் ஃபியூஸ் போயிருந்தது. ஒன்று பிரிக்கப்படவே இல்லை. ஒன்றில் சுருள் கருகியிருந்தது. மீதி ஒன்று எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது: பெட்டியில் ஓர் எண், அடித்தட்டில் வேறு எண், இணைப்புப் பல் பாதி தேய்ந்திருந்தது. யாரோ தம்முடைய பழைய மிக்ஸியைப் புதுப் பெட்டியில் போட்டுத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கும்போது எண்ணைப் பார்க்க முப்பது வினாடி செலவழித்திருந்தால் கல்லாவிலேயே பிடிபட்டிருக்கும். இப்போது யாரைக் கேட்பது?

குக்கர் இரண்டும் பார்வைக்குப் பளபளப்பாகவே இருந்தன. ஒன்றின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது நீலமும் தங்க நிறமும் கலந்த படலம் தெரிந்தது. எவர்சில்வர் அப்படி நிறம் மாறுவது, தண்ணீரில்லாமல் அடுப்பில் காய்ந்ததன் அடையாளம். அப்படிக் காய்ந்த குக்கரின் பாதுகாப்பு வால்வையும் மூடி வளையத்தையும் வெளித்தோற்றத்தை வைத்து நம்ப முடியாது. இரண்டாவதில் நிறமாற்றம் இல்லையென்றாலும் சமைத்த வாடை இருந்தது. அழுத்தத்தில் இயங்கும் பொருள் ஒருமுறை அடுப்பேறிவிட்டால் அது மறுபடி அடுக்குக்குப் போவதில்லை என்று அன்று முடிவு செய்தோம். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. துடைத்து வைத்தால் விற்றுவிடும் என்றார். விற்றுவிடும் என்பது உண்மைதான். எனக்கிருந்த கவலையே அதுதான்.

நட்டம் எங்கிருந்து வந்தது

பிரித்து முடித்தபோது 23இல் எட்டுப் பொருள்கள் நேராக அடுக்குக்குப் போயின. நன்றாக ஓடிய, ஆனால் பயன்படுத்தப்பட்ட நான்கு மிக்ஸிகளைக் குறைந்த விலைக்கு விற்க முடிவு செய்தோம். மீதிப் பதினொன்றைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது. அவற்றின் கொள்முதல் விலை 1,620 ரிங்கிட்.

இந்தத் தொகையை முதலாளி “உடைஞ்சது, போனது” என்று ஒரே வாக்கில் முடித்துவிடப் பார்த்தார். காரணப்படி பிரித்தால் படம் வேறாக இருந்தது. கருகிய மிக்ஸிக்கு 210 ரிங்கிட், உற்பத்திக் குறையுள்ள கிரைண்டர் இரண்டுக்கு 780 ரிங்கிட்: இந்த மூன்றையும் மொத்த விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொண்டு வரவுக் குறிப்புக் கொடுத்திருப்பார். ஆனால் வாடிக்கையாளர் திருப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் படம், வரிசை எண், ரசீது நகல் மூன்றையும் அனுப்ப வேண்டும் என்பது அவரோடு இருந்த உடன்பாடு. படிக்கு அடியில் அந்தப் பதினான்கு நாளும் என்றோ கடந்துவிட்டன.

ஐந்து அண்டாக்களும் (230 ரிங்கிட்) அப்படித்தான். அவை வாடிக்கையாளர் திருப்பியவை அல்ல. லோரியில் வரும்போதே விளிம்பு நசுங்கி, மூடி பொருந்தாமல் வந்தவை. சரக்கை இறக்கிய பையன் டெலிவரி ஆர்டரில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டான். “நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது” என்று அச்சிட்ட வரிக்குக் கீழே போட்ட கையெழுத்து அது. நசுங்கல் எங்கே நேர்ந்தது என்று பிறகு வாதாட இடமில்லை. இப்போது அந்தப் பையன் அண்டா அடுக்கைக் கயிறு அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் “பிரித்துச் சோதிக்கவில்லை” என்றோ “5 விளிம்பு நசுங்கல்” என்றோ எழுதிய பிறகே கையெழுத்திடுகிறான். லோரிக்காரர் முணுமுணுக்கிறார், காத்திருக்கிறார்.

ஆக 1,620 ரிங்கிட்டில் 1,220 ரிங்கிட், அதாவது முக்கால் பங்கு, பொருள் கெட்டதால் போகவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததால் போனது. உண்மையில் தேறாதவை எண் மாறிய மிக்ஸியும் (210) குக்கர் இரண்டும் (190) மட்டுமே.

இதைவிட என்னை உறுத்தியது பழைய கணக்கு. முந்தைய மாதங்களில் இப்படிக் காணாமல் போனவற்றைக் கணக்கெழுதும் கிராணி மாதக் கடைசியில் “எண்ணிக்கைப் பிழை” என்ற காரணத்தோடு இருப்பிலிருந்து குறைத்து வந்திருந்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, திரையில் இருந்த காரணப் பட்டியலில் அதுதான் முதலில் நின்றது. விளைவு, கடையில் களவு போனதா, உடைந்ததா, தவறாக எண்ணினார்களா என்று ஓராண்டுப் பதிவைப் பார்த்தும் யாராலும் சொல்ல முடியவில்லை.

மாற்றியமைத்தது

மென்பொருளில் திரும்பு பதிவின் இயல்பான இடத்தை `SALE`இலிருந்து `HOLD`க்கு மாற்றினோம். இதற்கு ஆன நேரம் பத்து நிமிடம். பொருள் கடையின் கணக்கில் இருக்கும், ஆனால் விற்பனைக்குரிய இருப்பில் சேராது. சோதனை முடிந்தபின் ஒருவர் கைப்பட இடமாற்றம் செய்தால்தான் அடுக்குக்குப் போகும். அத்தோடு காரணப் பட்டியலில் “எண்ணிக்கைப் பிழை”யைக் கடைசிக்குத் தள்ளி, மேலே வாடிக்கையாளர் சேதம், வழிச் சேதம், உற்பத்திக் குறை என்று பிரித்து வைத்தோம்.

திரையில் மாற்றினால் மட்டும் போதாது. படிக்கு அடியில் கம்பி வலைக் கதவு போட்டுப் பூட்டினோம். சாவி விற்பனைப் பையன்களிடம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட்டது ஒரு துண்டுக் காகிதம். திரும்பி வந்த பெட்டியின் பட்டைக்குறியீட்டை முழுவதும் மறைத்து ஒரு சிவப்புத் தாளை ஒட்டினோம். அதில் தேதி, ரசீது எண், வரிசை எண், வாடிக்கையாளர் சொன்ன சொல் சொன்னபடியே. குறியீடு மறைந்துவிட்டால் யாராவது தெரியாமல் பெட்டியைக் கல்லாவுக்குக் கொண்டுவந்தாலும் வருடியால் படிக்க முடியாது. பூட்டை மறந்து திறந்து வைப்பார்கள். தாளைத் தாண்டி விற்க முடியாது.

வாடிக்கையாளரின் சொல்லை அப்படியே எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். “பழுது” என்று எழுதினால் சோதிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. “அரைக்கும்போது நின்றுவிட்டது, பிறகு ஓடவே இல்லை” என்று எழுதினால் அவர் கை நேராகச் சிவப்புப் பொத்தானுக்குப் போகும். கல்லாவில் இருப்பவர் ரசீதைப் பார்க்கிறார், எண்ணை ஒப்பிடுகிறார், சொல்லை எழுதுகிறார்; பழுதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை அன்று. அவர் கூடுதலாகச் செய்வது ஒன்றுதான்: மிக்ஸி என்றால் வாடிக்கையாளர் முன்னாலேயே கவிழ்த்துப் பொத்தானைப் பார்ப்பது. மற்றச் சோதனையை இரண்டு நாளுக்குள் வேறொருவர் செய்து, ஏழாம் நாளுக்குள் பொருளின் கதியை முடிவு செய்ய வேண்டும். அந்த 14 நாளில் பாதி கையில் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே ஏழு.

கல்லாவின் மேல் “விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது” என்ற பலகை ஒன்று பல ஆண்டுகளாகத் தொங்கியது. அதைக் கழற்றச் சொன்னேன். மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, ஏற்கத்தக்க தரம் இல்லாத பொருளுக்குப் பழுதுநீக்கமோ, மாற்றோ, பணமோ கேட்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையைப் பலகை எழுதி ரத்துசெய்ய முடியாது. அளவு பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வருபவருக்கு அச்சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை. அங்கே கடை தன் விருப்பப்படி நடக்கலாம். பயன்படுத்தியதைப் புதியது என்று விற்பதோ அதே சட்டத்தில் தவறான கூற்றாகும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்பதை முதலாளியிடம் சொன்னபோதுதான் அவர் மஞ்சள் கறை அம்மாவின் பொறுமையை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

பயன்படுத்தப்பட்ட நான்கு மிக்ஸிகளையும் இதே காரணத்தால் பெட்டியில்லாமல், தனிமேசையில், 289 ரிங்கிட்டுக்குப் பதில் 229 ரிங்கிட்டுக்கு வைத்தோம். ரசீதிலேயே “புதியதன்று, திரும்பி வந்து சோதிக்கப்பட்டது, ஜார் வளையம் மாற்றப்பட்டது” என்று எழுதி வாங்குபவரின் கையெழுத்தைப் பெற்றோம். விற்குமுன் தெளிவாகக் காட்டிய குறையை வைத்துப் பின்னர் தரக்குறைவு என்று வழக்காட முடியாது. காட்டாத குறைக்குக் கடைதான் பொறுப்பு. கணக்கில் ஒரு கேள்வி எழுந்தது: இவற்றின் மதிப்பைக் குறைக்க வேண்டுமா? இருப்பை வாங்கிய விலை, விற்றுக் கிடைக்கும் நிகரத் தொகை ஆகிய இரண்டில் குறைவானதில் காட்ட வேண்டும் என்பது விதி. வாங்கிய விலை 210, கிடைப்பது 229. ஆகவே மதிப்பு அப்படியே நிற்கும், லாபம்தான் சுருங்கும். 180க்குத்தான் போகும் என்றால் அன்றே 30 ரிங்கிட்டை நட்டமாக எழுத வேண்டும்.

கழிக்கப்படும் பொருளுக்கு இப்போது படம், காரணம், இரண்டு கையெழுத்து வேண்டும்; அவற்றில் ஒன்று முதலாளியுடையது. கையெழுத்தான உடனே, அதே இடத்தில், மின்கம்பியைக் குறட்டால் வெட்டிவிட வேண்டும். குக்கர் மூடியின் கைப்பிடியைக் கழற்றி உடைத்துவிட வேண்டும். ‘வீணாகப் போவதை நான் எடுத்துக்கொள்கிறேனே’ என்று ஊழியர் கேட்பது இயல்புதான். முழுதாக வெளியே போன மிக்ஸி ஒருநாள் ரசீது தொலைந்துவிட்டது என்ற சொல்லோடு முன்வாசல் வழியாக உள்ளே வரும் என்பதால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. கம்பி வெட்டிய மிக்ஸியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2005ஆம் ஆண்டுப் பட்டியலிட்ட கழிவு விதிகளில் மின், மின்னணுக் கழிவுக்கு SW110 என்ற குறியீடு உண்டு. உரிமம் பெற்றவரிடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, கழிப்புப் படிவத்தோடு இணைக்கிறோம்.

அடுத்த தீபாவளி

2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக 19 மிக்ஸிகள் “ஓடவில்லை” என்று வந்தன. பதினொன்று கல்லாமேசையிலேயே சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் ஓடி, வந்தவர் கையோடு வீட்டுக்குத் திரும்பின. கருகிய இரண்டுக்கு உரிய நாளுக்குள் எழுதி வரவுக் குறிப்பு வாங்கினோம்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று எழுத முடியாது. வலைக்கதவுக்குள் புது வகைக் குப்பை சேரத் தொடங்கியது. விற்காமல் தேங்கிய பழைய மாதிரிகளையும் பையன்கள் சிவப்புத் தாள் ஒட்டி உள்ளே தள்ளுகிறார்கள். `HOLD` என்பது அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத மூலை ஆகிவிட்டது. ரசீது எண் இல்லாத தாளை மென்பொருள் ஏற்கக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். முதலாளி தம் சொந்தக்காரர்களுக்கு எண் ஒப்பிடாமல் மாற்றிக் கொடுப்பதும் நிற்கவில்லை. இதை எழுதும்போது வலைக்குள் ஒரு கிரைண்டர் கிடக்கிறது. தாளில் எண் எழுதும் இடம் காலி. அவருடைய மைத்துனர் கொண்டுவந்தது.